பாசிக்குப் பாசி வேறு: சைவர்களுக்கான ஒமேகா 3

புதுச்சேரி கடைகளில் ஆரோவில்லின் ஸ்பைருலினா பொடி கிடைக்கிறது. மீன் எண்ணெய் சாப்பிடாத சைவர்கள் சிலர் 'பாசிதானே, இதில் ஒமேகா 3 இருக்கும்' என்று நம்பி அதை வாங்குகிறார்கள். புரதத்துக்காக வாங்கினால் சரி. ஒமேகா 3 வேண்டுமென்றால் அது உதவாது.

மூளையும் கண்ணின் விழித்திரையும் பயன்படுத்தும் ஒமேகா 3 கொழுப்பின் பெயர் டிஎச்ஏ. அதற்குத் துணையாக வருவது இபிஏ. ஸ்பைருலினாவில் இவை இரண்டும் அநேகமாக இல்லை. அதில் இருப்பது காமா லினோலெனிக் என்ற ஒமேகா 6 கொழுப்பு. அதுவும் கொஞ்சம்தான். 5 கிராம் பொடியில் மொத்தக் கொழுப்பே அரை கிராமைத் தாண்டாது.

ஆளி விதையில் ஒமேகா 3 உண்டு, ஆனால் அது ஏஎல்ஏ என்ற வேறு வகை. நம் உடல் அதில் மிகச் சிறு பங்கையே டிஎச்ஏவாக மாற்றுகிறது.

அப்படியானால் மத்திக்கும் கானாங்கெளுத்திக்கும் டிஎச்ஏ எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அவை தாமே உண்டாக்கிக்கொள்வதில்லை. கடலின் நுண்பாசி போன்ற நுண்ணுயிர்கள் உண்டாக்குகின்றன. அவற்றைத் தின்னும் சிற்றுயிர்கள் வழியாக மீனுக்கு வந்து சேர்கிறது. பாசி எண்ணெய்த் தொழில், இடையிலிருக்கும் மீனை விட்டுவிடுகிறது. சைசோகைட்ரியம் போன்ற நுண்ணுயிரை மூடிய எஃகுத் தொட்டியில், வெயிலே படாமல், சர்க்கரை கொடுத்து வளர்க்கிறார்கள். பிறகு செல்லை உடைத்து எண்ணெயைப் பிரிக்கிறார்கள். அமெரிக்காவின் மார்டெக் நிறுவனம் இவ்வகை எண்ணெயைக் குழந்தைகளின் பால் மாவுக்குக் கொண்டுவந்தது. திறந்த தொட்டியில் வெயிலில் வளரும் ஸ்பைருலினாவோடு இதற்குப் பெயரளவில்தான் உறவு.

பலன் மீனுக்கு இணையா? 2008இல் வெளியான ஓர் ஆய்வில், பாசி எண்ணெய் மாத்திரை சாப்பிட்டவர்களின் ரத்தத்திலும், அதே அளவு டிஎச்ஏ தரும் சமைத்த சால்மன் மீன் சாப்பிட்டவர்களின் ரத்தத்திலும் டிஎச்ஏ ஒரே மாதிரி உயர்ந்தது. ஆய்வு சிறியதுதான். இபிஏ கணக்கு வேறு: சில பாசி எண்ணெய்களில் டிஎச்ஏ மட்டுமே இருக்கும்.

ஆகவே பார்க்க வேண்டியது பெட்டியின் முன்பக்கத்தில் உள்ள பெரிய எண்ணை அல்ல. '1000 மில்லிகிராம் மீன் எண்ணெய்' என்ற சாதாரண மாத்திரையில் இபிஏ 180, டிஎச்ஏ 120, ஆக 300 மில்லிகிராம்தான் இருக்கும். பாசி மாத்திரையிலும் பின்பக்கத்தில் டிஎச்ஏ எவ்வளவு என்று தேடுங்கள். பெரியவர்களுக்கு இபிஏ, டிஎச்ஏ இரண்டும் சேர்ந்து நாளுக்கு 250 மில்லிகிராம் என்பது உலக உணவு, சுகாதார நிறுவனங்களின் நிபுணர்கள் சொன்ன குறைந்தபட்ச அளவு. மாத்திரை உறை ஜெலட்டினாக இருந்தால் அது விலங்கின் எலும்பிலோ தோலிலோ செய்தது. சைவத்துக்கான பச்சை வட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதயத்துக்கு என்று பெரிதாக நம்பிவிட வேண்டாம். சுமார் 26,000 பேர் பங்கேற்று 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நாளுக்கு 1 கிராம் மீன் எண்ணெய் மாத்திரை, மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவற்றின் மொத்த எண்ணிக்கையைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த எண்ணெயையும் தொடங்கக் கூடாது. வாரம் இரண்டு முறை மத்திக் குழம்பு வைப்பவர்களுக்குப் பொதுவாக மீன் எண்ணெய் மாத்திரை, பாசி எண்ணெய் மாத்திரை இரண்டுமே தேவையில்லை.