பேட்டரியைத் திருப்பிப் பாருங்கள்

2007 ஆகஸ்ட் 14 அன்று நோக்கியா நிறுவனம் உலகம் முழுவதற்கும் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பிஎல்-5சி என்ற அதன் பேட்டரிகளில் ஒரு பகுதி, சார்ஜ் ஆகும்போது அளவுக்கு மீறிச் சூடாகக்கூடும் என்றது அந்த அறிவிப்பு. அப்போது நம் ஊரில் கையில் போன் வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் பயன்படுத்தியது நோக்கியாதான். 1100, 1110, 1600 போன்ற எளிய போன்கள் முதல் 6600, என்70 போன்ற விலை உயர்ந்தவை வரை பலவற்றுக்குள்ளும் இருந்தது இதே பிஎல்-5சி. அதனால் ‘நோக்கியா போன் வெடிக்கிறதாம்’ என்ற பேச்சு கிளம்பியது. ஆனால் அறிவிப்பு அப்படிச் சொல்லவே இல்லை.

அது சொன்னவை மூன்று: என்ன கோளாறு, எந்தெந்தப் பேட்டரிகளில், மாற்றிக்கொள்வது எப்படி. ஒரு பொருளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு எதுவானாலும் இந்த மூன்றும்தான் அதன் சாரம். அவற்றை ஒழுங்காகப் படிக்கத் தெரிந்தால் வீண் பயமும் வேண்டாம், வீண் தைரியமும் வேண்டாம்.

முதலில் கோளாறு. லித்தியம் அயான் பேட்டரிக்குள் நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் மிக நெருக்கமாக இருக்கும். இரண்டும் ஒட்டிவிடாமல் நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் காக்கும். அந்தத் தாள் எங்காவது கிழிந்தாலோ, உலோகத் துகள் ஏதாவது அதைத் துளைத்தாலோ, மின்சாரம் போனுக்குப் போகாமல் உள்ளேயே குறுக்கு வழியில் பாயும். இதுவே ஷார்ட் சர்க்யூட். அதில் வெப்பம் கிளம்பும். உள்ளிருக்கும் திரவம் ஆவியாகிப் பேட்டரி உப்பும். நிலைமை முற்றினால் தீயும் பிடிக்கும். நோக்கியா சொன்னது இதன் ஒரு வடிவத்தை: சார்ஜ் ஆகும்போது ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டு, பேட்டரி சூடாகித் தன் இடத்திலிருந்து பெயர்ந்துவிடலாம். அறிவிப்பு வந்த நேரத்தில் உலகெங்கும் சுமார் 100 புகார்கள் பதிவாகியிருந்தன. பெரிய காயமோ பொருட்சேதமோ ஏற்பட்டதாகத் தகவல் இல்லை.

‘சார்ஜ் ஆகும்போது’ என்ற சொற்களைக் கவனியுங்கள். கோளாறு எப்போது தலைகாட்டும் என்பதை அவை சொல்லிவிடுகின்றன. அப்படிப்பட்ட பேட்டரி கையில் இருந்தால், மாற்றுப் பேட்டரி வரும்வரை இரவில் தலைமாட்டில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது என்பதை நாமே முடிவு செய்துகொள்ளலாம்.

அடுத்தது, எந்தெந்தப் பேட்டரிகள். பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். அதுவரை தயாரான பிஎல்-5சி பேட்டரிகள் ஏறத்தாழ 30 கோடி. பல நிறுவனங்கள் அவற்றை நோக்கியாவுக்குச் செய்து கொடுத்தன. கோளாறு கண்டது அவற்றில் ஒரே நிறுவனத்தின் சரக்கில் மட்டும்: ஜப்பானின் மட்சுஷிதா பேட்டரி நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை தயாரித்தவை. அதன் எண்ணிக்கை 4 கோடியே 60 லட்சம். அதாவது ஆறு அல்லது ஏழு பேட்டரிக்கு ஒன்று.

ஒரு கம்பெனி, ஒரு காலக்கெடு என்று எப்படிக் குறுக்க முடிந்தது? ஒரே இயந்திரத்தில், ஒரே மூலப்பொருளில், ஒரே முறையில் அடுத்தடுத்து வருகிற பொருள்களுக்குக் குறையும் பொதுவாகவே இருக்கும். புகார் வந்த பேட்டரிகளின் எண்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், அவை எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் நிற்கின்றன என்பது தெரிந்துவிடும். பொருளின்மேல் பேட்ச் எண் அச்சிடுவதே இதற்காகத்தான்.

மூன்றாவது, மாற்றிக்கொள்ளும் வழி. நோக்கியா சொன்ன முறை எளியது. போனை அணைத்து, பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை வெளியே எடுக்க வேண்டும். முன்பக்கத்தில் பிஎல்-5சி என்று இல்லையென்றால் கவலையில்லை. இருந்தால் திருப்பிப் பார்க்க வேண்டும். பின்பக்கத்தில் கீழே 26 எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளக் குறி இருக்கும். அதை நிறுவனத்தின் இணையதளத்தில் பதிந்தாலோ, தொலைபேசியில் சொன்னாலோ, மாற்றித் தரவேண்டிய பேட்டரியா இல்லையா என்பது தெரிந்துவிடும். மாற்ற வேண்டியதானால் புதியது இலவசம்.

ஒரு வீட்டில் அன்று மூன்று நோக்கியா போன்கள் இருந்ததாக வைத்துக்கொள்வோம். மகனுடைய 6300 போனுக்குள் இருப்பது பிஎல்-4சி. முன்பக்கத்தைப் பார்த்ததுமே அவன் விஷயம் முடிந்தது. அப்பாவின் 1100 போனில் பிஎல்-5சி. 26 எழுத்தையும் படித்துச் சொன்னதில் அது பாதிக்கப்பட்ட சரக்கு என்று தெரிகிறது. அவருக்குப் புதியது கிடைக்கும். அம்மாவின் போனிலும் பிஎல்-5சி என்றே அச்சாகியிருக்கிறது. ஆனால் அது பழைய பேட்டரி கெட்டபோது தெருக்கடையில் மலிவாக வாங்கிப் போட்டது. அதன் குறி நிறுவனத்தின் பட்டியலில் இருக்காது, மாற்றியும் தரமாட்டார்கள். அதனால் அது பத்திரமானது என்று ஆகாது. யார் செய்தது, எப்போது செய்தது என்றே தெரியாத பேட்டரியை எந்த அறிவிப்பாலும் திரும்பப் பெற முடியாது. மூன்றில் உண்மையாகவே பயப்பட வேண்டியது இந்தப் போலிக்குத்தான்.

மாற்றுப் பொருள் வாங்கியவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2016 செப்டம்பரில் சாம்சங் நிறுவனம் கேலக்ஸி நோட் 7 போன்கள் சுமார் 25 லட்சத்தைத் திரும்பப் பெற்றது. ஒரு நிறுவனத்தின் பேட்டரியில் மூலைப் பகுதியில் தகடு வளைந்திருந்தது. வேறு நிறுவனத்தின் பேட்டரி போட்ட போன்களை மாற்றாகக் கொடுத்தார்கள். அவையும் தீப்பிடித்தன. இரண்டாவது பேட்டரியில் வெல்டிங் செய்த இடத்தில் துருத்திய உலோகமுனை இருந்ததாகப் பின்னர் ஆய்வில் தெரிந்தது. அக்டோபரில் அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள். ஆகவே மாற்றுப் பொருளின் பேட்ச் எண்ணையும் குறித்து வையுங்கள். இரண்டாவது அறிவிப்பு வந்தால் அதுதான் உதவும்.

நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறும்படியும், வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரும்படியும் உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தந்திருக்கிறது. பில் இருந்தால் எடுத்து வையுங்கள், பொருளின் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ வேண்டாம். வீட்டுக் குப்பையில் போடாமல் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். அறிவிப்பில் சொன்னபடி மாற்றித் தர நிறுவனம் மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.