அறுபது நாள் முன்னறிவிப்பு

வியாபாரம் செய்யும் தமிழ்க் குடும்பங்களில், ஆங்கிலத்திலோ மலாயிலோ வந்த ஒப்பந்தத்தைப் படித்துப் பொருள் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் பல்கலைக்கழகத்தில் பயிலும் பிள்ளைக்கே வந்து சேரும். பொருள் விநியோகிப்பாளரை மாற்ற விரும்பும்போது அப்பொறுப்பு இன்னும் கூடுகிறது. ஒப்பந்தத்தைத் தகராறின்றி முடிப்பது எப்படி என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழி காண்போம்.

ஜாசின் பட்டணத்தில் ஓர் உணவகம் இருப்பதாகக் கற்பனை செய்து கொள்வோம். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற தந்தை தொடங்கிய கடை அது. அரிசி, எண்ணெய், பருப்பு அனைத்தும் மலாக்கா நகரிலுள்ள ஒரு விநியோகிப்பாளரிடமிருந்து வருகின்றன. ஒப்பந்தம் 2023 ஏப்ரல் 1இல் தொடங்கி 2025 மார்ச் 31இல் முடிகிறது. மாதம் குறைந்தது 3,000 ரிங்கிட்டுக்குப் பொருள் வாங்க வேண்டும். வைப்புத் தொகையும் 3,000 ரிங்கிட். இதற்கிடையில் மெர்லிமாவ் கடைக்காரர் ஒருவர் குறைந்த விலைக்குத் தர முன்வருகிறார்.

“நாளையிலிருந்து வரவேண்டாமென்று லாரிக்காரரிடம் சொல்லிவிட்டால் போதாதாம்மா?” என்று கேட்கிறார் தந்தை.

“போதாதுப்பா. 14ஆம் விதியைக் கேளுங்கள்” என்று படிக்கிறாள் மகள். ஒப்பந்தம் முடியக் குறைந்தது 60 நாட்களுக்கு முன் எழுத்துவழி முன்னறிவிப்பு கிடைக்காவிட்டால், அது மேலும் ஓராண்டுக்குத் தானாகவே புதுப்பிக்கப்படும். அறிவிப்பை ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கு நேரிலோ பதிவுத் தபாலிலோ அனுப்ப வேண்டும். தபாலில் அனுப்பினால், மூன்றாம் வேலை நாளில் கிடைத்ததாகக் கருதப்படும்.

இந்த விதியைத் தவறவிட்டால் என்ன ஆகும்? இன்னும் 12 மாதம், அதாவது 36,000 ரிங்கிட்டுக்குக் கூடிய விலையில் பொருள் வாங்கும் கடமை தொடரும். லாரியை நிறுத்தினாலோ நிலைமை மேலும் மோசமாகும். ஒரு தரப்பு தன் கடமையை முழுமையாக நிறைவேற்ற மறுத்தால் மறுதரப்பு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்கிறது 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 40ஆவது பிரிவு. ஆகவே, அமைதியாக வெளியேற நினைத்த தந்தையே ஒப்பந்தத்தை மீறியவராகி, இழப்பீடு கேட்கும் வாய்ப்பை விநியோகிப்பாளருக்குக் கொடுத்துவிடுவார்.

முதலில் நாளை எண்ணுவோம். மார்ச் 31இலிருந்து 60 நாட்கள் பின்னோக்கிச் சென்றால் ஜனவரி 30 வருகிறது. அன்றைக்குள் கடிதம் கிடைத்தாக வேண்டும். அன்று எழுதினால் போதாது. ஜனவரி 24, வெள்ளிக்கிழமை தபாலில் சேர்த்தால் ஆறு நாள் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் சனி, ஞாயிறு வேலை நாட்கள் அல்ல. திங்கள், செவ்வாய் இரண்டு வேலை நாட்கள். 29, 30 இரண்டும் அவ்வாண்டின் சீனப் புத்தாண்டு விடுமுறை. மூன்றாம் வேலை நாள் ஜனவரி 31. ஒரே நாள் தாமதத்தால் ஓராண்டு கட்டுப்பட நேரிடும். மகள் ஜனவரி 10ஆம் தேதியே தபாலில் சேர்த்தால் 15ஆம் தேதி கிடைத்ததாகக் கருதப்படும். ஏதேனும் பிழை நேர்ந்தாலும் மறுபடி அனுப்ப இரண்டு வாரம் கையில் இருக்கும்.

‘தபாலில் சேர்த்தாலே போதும் என்று படித்திருக்கிறோமே’ எனச் சட்டம் பயிலும் நண்பர்கள் கேட்கலாம். அவர்கள் நினைவில் இருப்பது 1913ஆம் ஆண்டின் இக்னேஷியஸ் எதிர் பெல் வழக்கு. நிலம் வாங்கும் உரிமையை 1912 ஆகஸ்ட் 20க்குள் பயன்படுத்த வேண்டியிருந்தது. பதிவுக் கடிதம் ஆகஸ்ட் 16இல் கிள்ளானில் தபாலில் சேர்க்கப்பட்டது; கோலசிலாங்கூர் அஞ்சலகத்தில் கிடந்து 25ஆம் தேதிதான் உரியவர் கைக்குப் போனது. ஆயினும் தபாலில் சேர்த்த நாளே கணக்கில் கொள்ளப்பட்டது. ஆனால் அத்தீர்ப்பு ஒரு முன்மொழிவை ஏற்பது பற்றியது. ஒப்பந்தத்தை முடிக்கும் அறிவிப்பு எப்போது கிடைத்ததாகக் கொள்வது என்பதை அந்த ஒப்பந்தத்தின் விதியே சொல்லும்போது, அந்த விதியைத்தான் பின்பற்ற வேண்டும்.

அடுத்து, அனுப்பும் முறை. வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பி இரண்டு நீலக் குறி வந்துவிட்டால் வேலை முடிந்ததென்று நினைப்பதுதான் இன்று அதிகம் நடக்கும் தவறு. இங்கிலாந்தில் 1997இல் பிரபுக்கள் சபை தீர்த்த மன்னாய் வழக்கு இதைத் தெளிவாக்கும். குத்தகை 1995 ஜனவரி 13இல் முடிய வேண்டியிருக்க, வாடகைதாரர் தம் கடிதத்தில் 12 என்று எழுதிவிட்டார். என்ன சொல்ல வந்தார் என்பது படிப்பவருக்குப் புரியும் என்று மூவர் ஏற்க, இருவர் மறுக்க, கடிதம் செல்லும் எனத் தீர்ப்பானது. அதே தீர்ப்பில் ஹாஃப்மன் பிரபு ஓர் எல்லையும் வகுத்தார்: நீலத் தாளில் தர வேண்டும் என்று விதி இருந்தால் இளஞ்சிவப்புத் தாளில் தருவது செல்லாது. அதாவது சொற்பிழையை நீதிமன்றம் மன்னிக்கக்கூடும். விதித்த முறையை மாற்றினால் மன்னிப்பு அரிது. தந்தை மரியாதைக்காக வாட்ஸ்அப்பிலும் தகவல் சொல்லலாம். பதிவுத் தபாலுக்கு அது மாற்றாகாது.

மூன்றாவது, யாரிடமிருந்து யாருக்கு என்பது. ஒப்பந்தம் உணவகத்தின் பெயரில் இருந்தால் கடிதமும் அதே பெயரில், அதிகாரம் பெற்றவர் கையொப்பத்துடன் போக வேண்டும். விநியோகிப்பாளர் அலுவலகம் மாறியிருந்தால் பழைய முகவரிக்கு ஒன்றும் புதிய முகவரிக்கு ஒன்றும் அனுப்புவதே பாதுகாப்பு.

கடிதத்தில் எழுத வேண்டியது மிகக் குறைவு. “1.4.2023 தேதியிட்ட விநியோக ஒப்பந்தத்தின் 14ஆம் விதிப்படி, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க நாங்கள் விரும்பவில்லை என்பதை இதன்வழி அறிவிக்கிறோம். ஒப்பந்தம் 31.3.2025இல் முடிவடையும். அதுவரை கொள்முதலும் கட்டணமும் வழக்கம்போல் தொடரும். வைப்புத் தொகையைத் திருப்பித் தருவது பற்றித் தெரிவிக்கவும்.” இவ்வளவு போதும்.

“போன தீபாவளிக்கு வண்டு விழுந்த அரிசி கொடுத்தானே, அதையும் எழுதும்மா” என்பார் தந்தை. இங்குதான் பல தகராறுகள் பிறக்கின்றன. புதுப்பிக்காமல் விடுவதற்கு இந்த விதி காரணம் கேட்கவில்லை. கேட்காத காரணத்தைக் குற்றச்சாட்டாக எழுதினால் மறுதரப்பு பதில் எழுதியே ஆக வேண்டிய நிலை வரும். முடிவு அறிவிப்பு பின்தள்ளப்பட்டு, அரிசியின் தரமே பேச்சாகிவிடும். அரிசிக்கு ஈடு கேட்க வேண்டுமானால் அதைத் தனிக் கடிதமாக எழுதலாம்.

கடிதம் போன பிறகு வரும் எழுபதுக்கும் மேற்பட்ட நாட்களில்தான் கவனம் தேவை. மாதம் 3,000 ரிங்கிட் கொள்முதல் குறையக் கூடாது. கட்டணம் பிந்தக் கூடாது. காலிப் பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். மார்ச் இறுதியில் கணக்கு அறிக்கை கேட்டு, நிலுவை இல்லை என்பதை எழுத்தில் பெற வேண்டும். ஏப்ரலில் பழைய லாரியிடமே ‘அவசரத்துக்கு இரண்டு மூட்டை’ வாங்கினால், உறவு தொடர்கிறது என்று வாதிட அது இடம் கொடுக்கும். அப்படி வாங்க நேர்ந்தால் ரொக்க விற்பனை என்று ரசீதில் குறிக்கச் சொல்வது நல்லது.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. ஒப்பந்தக் காலத்தின் நடுவிலேயே விலக வேண்டுமென்றால், அதற்கான விதி வேறாக இருக்கும். விதியே இல்லாமலும் இருக்கலாம். அத்தகைய நிலையில் வழக்கறிஞரைப் பார்ப்பதே சரி. ஜாசின் தந்தைக்கு அந்தச் செலவு தேவைப்படவில்லை. பதிவுத் தபால் ரசீதையும் கடித நகலையும் மகள் ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கோப்பில் வைத்தாள். ஏப்ரல் முதல் நாள் மெர்லிமாவ் லாரி வந்து நின்றது.