பென்ஷன்காரர் மறைந்த பிறகு: புத்தகத்தில் அவள் பெயர், ரேஷன் அட்டையில் அவர் பெயர்

செப்டம்பர் 12ஆம் தேதி இறந்துபோனவருக்கு, அந்த மாதக் கடைசியில் முழுப் பென்ஷனும் வங்கிக் கணக்கில் வந்து விழும். வங்கிக்கு யாரும் சொல்லாதவரை அதற்குத் தெரியாது. காரியச் செலவுக்கு அவசரமாகப் பணம் வேண்டியிருக்கிறது; ஏடிஎம் அட்டை மகன் கையில் இருக்கிறது; ரகசிய எண்ணும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எடுத்துவிடுகிறார்கள். குடும்ப ஓய்வூதிய விண்ணப்பத்தில் முதல் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து, 2010இல் 60 வயதில் ஓய்வுபெற்ற ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். கணக்கு புரிய வேண்டும் என்பதற்காக, இன்றைய நிலைக்குத் திருத்தப்பட்ட அவருடைய கடைசி அடிப்படைச் சம்பளத்தை 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் பாதி, 25,000 ரூபாய், அவருடைய பென்ஷன். அகவிலை நிவாரணம் இதற்கு மேல் தனி. 2025 செப்டம்பர் 12 அன்று, 75 வயதில் அவர் காலமானார். மனைவிக்கு 72 வயது.

மத்திய அரசு, ரயில்வே விதிகளின்படி, இறந்த நாள் வரைக்கும், அந்த நாளையும் சேர்த்து, பென்ஷன் அவருடையது. மறுநாளிலிருந்து குடும்ப ஓய்வூதியம் மனைவியுடையது. கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், அதாவது 15,000 ரூபாய். ஆக செப்டம்பருக்கு 12 நாள் பென்ஷன் 10,000 ரூபாய், மீதி 18 நாளுக்குக் குடும்ப ஓய்வூதியம் 9,000 ரூபாய். அந்த மாதம் வந்திருக்க வேண்டியது மொத்தம் 19,000. வந்து விழுந்ததோ 25,000.

மகன் நவம்பர் முதல் வாரத்தில்தான் வங்கிக்குப் போனார் என்றால், அக்டோபருக்கும் ஒரு 25,000 வந்திருக்கும். அம்மாவுக்கு உரியது அந்த மாதம் 15,000. இரண்டு மாதத்தில் வந்தது 50,000, வர வேண்டியது 34,000. கூடுதலாக வந்த 16,000 ரூபாயை வங்கி திரும்பக் கேட்கும், அல்லது அம்மாவின் ஓய்வூதியத்தில் பிடித்துக்கொள்ளும். இது அபராதமல்ல, வெறும் கணக்கு நேர்செய்தல்தான். ஆனால் துக்கம் ஆறாத வீட்டுக்கு அப்படித் தோன்றாது. இறந்த செய்தியை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, பென்ஷன் வரும் கிளையில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொண்டால் போதும். இறப்புச் சான்றிதழ் கைக்கு வரும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

“அப்பா இருந்தபோது 25,000, இப்போது ஏன் 15,000?” என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். பென்ஷன்காரர் 67 வயதுக்கு முன்பே இறந்திருந்தால், உயர்த்தப்பட்ட விகிதத்தில், ஏறக்குறைய பென்ஷன் அளவுக்கே, குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும். அதுவும் ஏழு ஆண்டுகள் அல்லது அவர் உயிரோடிருந்தால் 67 வயதை எட்டியிருக்கும் நாள், இரண்டில் எது முன்னதோ அதுவரைதான். நம் உதாரணத்தில் அவர் அந்த வயதைத் தாண்டிவிட்டார். இன்னொரு பக்கம், ஓய்வுபெறும்போது பென்ஷனில் ஒரு பகுதியை மொத்தமாக வாங்கிக்கொண்டவர்களுக்கு 15 ஆண்டுகள் மாதாமாதம் பிடித்தம் இருக்கும். அந்தப் பிடித்தம் மனைவியின் குடும்ப ஓய்வூதியத்தைத் தொடாது. மொத்தத் தொகை வாங்கிய சில ஆண்டுகளிலேயே அவர் இறந்திருந்தாலும், பாக்கியை அவளிடம் வசூலிக்க மாட்டார்கள்.

இனி காகிதங்கள். எல்லாவற்றுக்கும் தாய், இறப்புச் சான்றிதழ். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் இறந்தால் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள். வீட்டில் இறந்தால் குடும்பத்தார்தான் சொல்ல வேண்டும். 30 நாள் தாண்டினால் மேலதிகாரியின் அனுமதி, ஓராண்டு தாண்டினால் இன்னும் பெரிய அதிகாரியின் ஆணை என்று அலைச்சல் ஏறிக்கொண்டே போகும்.

பதிவு செய்யும் நாளில் ஒரு வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். பென்ஷன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே சான்றிதழிலும் வரும்படி எழுதிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் மயானத்துக்குப் போய்வந்த உறவினர் ஒருவர் தன் நினைவில் இருந்ததை எழுதிக் கொடுத்துவிடுகிறார். தலைப்பெழுத்து ஒன்று குறைகிறது, அல்லது அது பெயருக்கு முன்னால் போகாமல் பின்னால் போகிறது. மனைவியின் பெயரிலும் இதே கதை. லட்சுமி, லக்ஷ்மி, லெட்சுமி என்று மூன்று ஆவணங்களில் மூன்று விதம். ஆங்கில எழுத்தில் பார்த்தால் இன்னும் மோசம். சின்ன வித்தியாசம் என்றால், இருவரும் ஒருவரே என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்துச் சமாளிக்கலாம். தேதியோ பெயரோ முற்றிலும் மாறியிருந்தால், பதிவு செய்த அலுவலகத்திலேயே திருத்தம் வாங்காமல் வேலை நகராது. சான்றிதழின் அச்சுப் பிரதிகளைத் தாராளமாக எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது.

பென்ஷன் புத்தகம் என்று வீட்டில் சொல்லப்படுவது ஓய்வூதியக் கொடுப்பாணை. அதன் ஒரு பாதி பென்ஷன்காரரிடமும் இன்னொரு பாதி வங்கியின் ஓய்வூதியப் பிரிவிலும் இருக்கும். அதில் மனைவியின் பெயரும், அவருக்குக் கிடைக்க வேண்டிய குடும்ப ஓய்வூதியத் தொகையும் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தால், புதிதாக யாரும் எதையும் அனுமதிக்க வேண்டியதில்லை. விண்ணப்பம், இறப்புச் சான்றிதழ், கொடுப்பாணை, மனைவியின் ஆதார், பான், புகைப்படம், கூடுதலாகப் பணம் வந்தால் திருப்பித் தருவேன் என்ற உறுதிமொழி, இவற்றோடு வங்கியே தொடங்கிவிடும்.

இந்த இடத்தில் வாரிசுச் சான்றிதழ் கொண்டுவரச் சொல்லி யாராவது திருப்பி அனுப்பினால், “புத்தகத்தில் என் பெயர் இருக்கிறதே, பிறகு எதற்கு?” என்று அந்த அம்மா நிமிர்ந்து கேட்கலாம். வாரிசுச் சான்றிதழ் தேவைப்படக்கூடியது வேறொன்றுக்கு. இறந்த நாள் வரை சேர்ந்த அந்த 10,000 ரூபாய் அவருடைய நிலுவை. அதற்கு அவர் நியமனதாரர் யாரையும் குறிப்பிடாமல் போயிருந்தால்தான் வாரிசு யார் என்ற கேள்வி எழும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, தாலுகா அலுவலகத்தில் சான்றிதழ் வரும்வரை மாதாந்திர ஓய்வூதியத்தையும் சேர்த்துத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. தேவையே இல்லாத தாமதம்.

கணவன் மனைவி இருவர் பெயரிலும், இருவரில் யாரும் இயக்கலாம் என்ற முறையில் பென்ஷன் கணக்கு இருந்தால், அதே கணக்கிலேயே குடும்ப ஓய்வூதியம் வரும். அவர் பெயரில் மட்டும் இருந்தால், அம்மாவுக்குத் தனிக் கணக்கு தொடங்க வேண்டும். பழைய கணக்கில் இருக்கும் பணத்துக்குத் தனி மனு.

புத்தகத்தில் மனைவி பெயரே இல்லையென்றால் கதை வேறு. இரண்டாவது திருமணம், மிகப் பழைய கொடுப்பாணை, மனைவியும் மறைந்து திருமணமாகாத அல்லது கைம்பெண்ணான மகள் கேட்பது ஆகிய இடங்களிலெல்லாம் வங்கியால் எதுவும் செய்ய முடியாது. அவர் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்தின் பணியாளர் பிரிவுக்குத்தான் விண்ணப்பம் போக வேண்டும். அங்கிருந்து புதிய ஆணை வந்த பிறகே பணம்.

தமிழ்நாடு அரசுப் பென்ஷன் என்றால் வாசல் மாறும். வங்கிக்குப் பதில் மாவட்டக் கருவூலம் அல்லது சார்நிலைக் கருவூலம். சென்னையில் ஓய்வூதியம் வழங்கும் அலுவலகம். அங்கே மறக்கக்கூடாத ஒன்று, ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதி. இதற்காக மாதாமாதம் பென்ஷனில் பிடித்தம் செய்யப்பட்டவர் இறந்தால், மனைவிக்கு 50,000 ரூபாய் கிடைக்கும். இதற்கு விண்ணப்பம் தனி. குடும்ப ஓய்வூதியம் வந்துவிட்டதே என்று நிம்மதியாகி, இதைக் கேட்காமலே விட்டவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது ரேஷன் அட்டை. ‘இன்னும் அப்பா பெயர் இருக்கிறதே’ என்ற குற்ற உணர்ச்சியில் சிலர் முதல் வேலையாகப் போய்ப் பெயரை நீக்கிவிடுகிறார்கள்; அளவு குறைந்துவிடும் என்று ஆண்டுக்கணக்கில் நீக்காதவர்களும் உண்டு. இரண்டாவது தவறு என்பது எல்லோருக்கும் தெரியும். முதலாவதும் முழுக்கச் சரியல்ல. கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் ஒரே குடும்பம் என்று காட்டும் எளிய ஆவணம் அந்த அட்டைதான். வாரிசுச் சான்றிதழ் கேட்கும்போது அது தேவைப்படும். எனவே பெயர் இருக்கும்போதே இரு பக்கமும் தெளிவாக நகலெடுத்து வைத்துவிட்டு, பிறகு நீக்குவதே முறை.

நீக்க tnpds.gov.in தளத்திலோ இ-சேவை மையத்திலோ இறப்புச் சான்றிதழைப் பதிவேற்றி விண்ணப்பிக்கலாம். வட்ட வழங்கல் அலுவலகம் சரிபார்த்து ஒப்புதல் தரும். இறந்தவரே குடும்பத் தலைவராக இருந்தால், தலைவர் மாற்றம் என்பது வேறு கோரிக்கை. புதிய தலைவரின் புகைப்படத்தோடு அதை முதலில் முடித்துக்கொண்டு பெயர் நீக்கத்துக்குப் போவது நல்லது.

இங்கேதான் பலர் எதிர்பாராமல் மாட்டுகிறார்கள். தளத்தில் நுழைய ஒருமுறைக் கடவுச்சொல் வரும். அது அட்டையில் பதிந்த கைபேசிக்குத்தான் வரும். அந்த எண் பெரும்பாலும் இறந்தவருடையது. ‘இனி யாருக்கு’ என்று அந்த சிம்முக்குப் பணம் போடாமல் விட்டிருப்பார்கள்; எண் செத்திருக்கும். பிறகு எண் மாற்றுவதற்கென்றே வட்ட வழங்கல் அலுவலகத்துக்கோ, ரேஷன் குறைதீர் முகாமுக்கோ நடக்க வேண்டும். ரேஷன் மட்டுமல்ல, வங்கிக் கணக்கும் எரிவாயு இணைப்பும் அதே எண்ணில்தான் கிடக்கும். எல்லாம் அம்மாவின் எண்ணுக்கு மாறும்வரை அந்த சிம்மை உயிரோடு வைத்திருப்பது, செலவு குறைந்த புத்திசாலித்தனம்.

வாக்காளர் பட்டியலில் பெயர் நீக்க படிவம் 7. வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுத்தால் போதும்.

கடைசியாக ஒரு கணக்கு. ரயில்வே, மத்திய அரசு விதிப்படி குடும்ப ஓய்வூதியம் வாங்குபவர் 80 வயதை முடித்தால் 20 சதவீதம் கூடும். நம் உதாரண அம்மாவுக்கு அது மாதம் 3,000 ரூபாய். ஆனால் கொடுப்பாணையில் அவருடைய பிறந்த தேதி இல்லையென்றால், 80 ஆனது வங்கிக்கு எப்படித் தெரியும்? பழைய புத்தகங்கள் பலவற்றில் மனைவியின் பெயர் இருக்கும், பிறந்த தேதிக் கட்டம் காலியாக இருக்கும். பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கும் வாசகர்கள் இன்றே அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். காலியாக இருந்தால், மனைவியின் ஆதாரோடும் பான் அட்டையோடும் நீங்கள் ஓய்வுபெற்ற அலுவலகத்துக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதிவிடுங்கள்.