பங்குச் சந்தை எழுந்தபோது தங்கம் சரிந்த ஆண்டு

தங்கத்துக்கு வட்டி கிடையாது, டிவிடெண்ட் கிடையாது. பெட்டகத்தில் வைத்த கட்டி பத்தாண்டு கழித்தும் அதே எடையில்தான் இருக்கும். மற்ற முதலீடுகளில் நம்பிக்கை குறைந்திருக்கும் காலத்தில் இது ஒரு குறையாகவே தெரியாது. கம்பெனிகளின் லாபம் கூடி, பங்கு விலைகள் மாதாமாதம் ஏறி, வட்டியும் உயரப்போகிறது என்ற எண்ணம் பரவும்போது நிலைமை மாறுகிறது. தங்கத்தை வைத்திருப்பதால் கைநழுவிப் போகும் வருமானம் முதலீட்டாளரின் கண்ணை உறுத்த ஆரம்பிக்கிறது. இந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பதை 2013-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்தவற்றைக் கொண்டு தெளிவாகப் பார்க்கலாம்.

2008-இன் நிதி நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் வட்டியை ஏறக்குறைய பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தது. அதோடு, புதிதாகப் பணத்தை உருவாக்கிக் கடன் பத்திரங்களை வாங்கவும் தொடங்கியது. இவ்வளவு பணம் புழங்கினால் விலைவாசி தாறுமாறாக ஏறும், டாலரின் மதிப்பு கரையும் என்று பலர் அஞ்சினார்கள். அந்த அச்சம்தான் தங்கத்தைத் தூக்கியது. 2011 செப்டம்பரில் ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 31.1 கிராம், 1,900 டாலரைத் தொட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் நியூயார்க் சந்தையில் வர்த்தகமாகும் எஸ்.பி.டி.ஆர். கோல்டு என்ற தங்க இ.டி.எஃப்., சொத்து மதிப்பில் அமெரிக்கப் பங்கு இ.டி.எஃப்.களையே முந்திச் சில நாள் உலகின் மிகப் பெரிய இ.டி.எஃப். என்ற இடத்தைப் பிடித்தது. அச்சம் எந்த அளவுக்கு ஏறியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் இல்லை.

அஞ்சிய பணவீக்கம் வரவில்லை. 2013-இல் அமெரிக்காவில் விலைவாசி ஏறக்குறைய 1.5 சதவீதம்தான் உயர்ந்தது. ஆண்டின் தொடக்கத்தில் 8 சதவீதத்தை ஒட்டியிருந்த வேலையின்மை, ஆண்டு முடிவில் 6.7 சதவீதமாகக் குறைந்தது. வீட்டு விலைகள் மீண்டன, கம்பெனிகளின் லாபம் கூடியது. 2013 மார்ச் 28 அன்று எஸ் அண்டு பி 500 குறியீடு 1,569 புள்ளிகளில் முடிந்து, 2007-இல் நெருக்கடிக்கு முன்பு தொட்டிருந்த உச்சத்தைக் கடந்தது. ஐந்தரை ஆண்டு இழப்பு முழுவதும் மீண்டுவிட்டது என்ற செய்தி அன்று எல்லா முதலீட்டாளருக்கும் போய்ச் சேர்ந்தது. தங்கம் நொறுங்கியது அதற்கு இரண்டே வாரம் கழித்துத்தான்.

ஏப்ரல் 10 அன்று, கடனில் தத்தளித்த சைப்ரஸ் நாடு தன்னிடமிருந்த தங்கத்தில் ஒரு பகுதியை விற்க நேரிடலாம் என்ற செய்தி வந்தது. சைப்ரஸிடம் இருந்த தங்கம் உலகச் சந்தையின் அளவுக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் ஒரு நாடு விற்றால் மற்ற நாடுகளும் விற்குமோ என்ற ஐயம் எழுந்தது. அதே நாளில் கோல்டுமேன் சாக்ஸ் வங்கியும் தங்கத்தை விற்கும்படி தன் வாடிக்கையாளர்களுக்குப் பரிந்துரைத்தது. இரண்டு நாள் கழித்து வெள்ளிக்கிழமை விலை சரியத் தொடங்கியது. ஒன்றரை ஆண்டுக்கு மேலாகத் தாங்கி நின்ற 1,525 டாலர் என்ற எல்லை உடைந்தது. அந்த விலைக்குக் கீழே போனால் தானாகவே விற்றுவிடும்படி வைக்கப்பட்டிருந்த ஸ்டாப் லாஸ் ஆர்டர்கள் ஒன்றையடுத்து ஒன்றாகச் செயல்பட்டன. திங்கட்கிழமை ஒரே நாளில் விலை ஏறக்குறைய 9 சதவீதம் விழுந்தது. முப்பது ஆண்டுகளில் அப்படி ஒரு வீழ்ச்சி நடந்ததில்லை. இரண்டு வர்த்தக நாட்களில் அவுன்ஸுக்குச் சுமார் 200 டாலர் போயிற்று.

வீழ்ச்சியின் வேகத்துக்கு முன்பேர வணிகமும் ஸ்டாப் லாஸும் காரணம். ஆனால் அந்த இரண்டு நாட்களோடு சரிவு நின்றிருந்தால் அதை ஒரு பீதி என்று ஒதுக்கியிருக்கலாம். நிற்கவில்லை. அதன்பின் எட்டு மாதம் தங்கத்திலிருந்து பணம் வெளியேறிக்கொண்டே இருந்தது. அந்த வெளியேற்றம் எப்படி உண்மையான உலோகமாக மாறியது என்பது பலரும் கவனிக்காத பகுதி.

தங்க இ.டி.எஃப். பங்குச் சந்தையில் ஒரு பங்கைப் போலவே விற்று வாங்கப்படுகிறது. அதன் பின்னால் லண்டன் பெட்டகத்தில் உண்மையான கட்டிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு கட்டியும் 400 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய பன்னிரண்டரை கிலோ. விற்பவர்கள் அதிகமாகும்போது இ.டி.எஃப். பங்கின் விலை, அதற்குப் பின்னால் இருக்கும் தங்கத்தின் மதிப்பைவிடச் சற்றே கீழே இறங்கும். உடனே இந்த வேலைக்கென அனுமதி பெற்ற பெரிய வணிக நிறுவனங்கள் மலிவாக இருக்கும் பங்குகளைச் சந்தையில் வாங்கிச் சேர்க்கும். ஒரு லட்சம் பங்குகள் சேர்ந்ததும் அவற்றை இ.டி.எஃப். நிர்வாகத்திடம் திருப்பிக் கொடுத்து, ஈடாகத் தங்கத்தை எடுத்துக்கொள்ளும். 2013-இல் ஒரு லட்சம் பங்குக்குச் சுமார் 300 கிலோ, அதாவது 24 கட்டிகள் கிடைத்தன. அந்தக் கட்டிகளைச் சந்தையில் விற்று, இடையில் உள்ள சிறு வித்தியாசத்தை லாபமாக வைத்துக்கொள்ளும். ஒஹையோவில் இருக்கும் ஒரு பல் மருத்துவர் கம்ப்யூட்டரில் விற்பனைப் பொத்தானை அழுத்துவது, இந்தச் சங்கிலி வழியாக லண்டன் பெட்டகத்தின் கட்டியை வெளியே கொண்டுவருகிறது.

2013-இன் தொடக்கத்தில் எஸ்.பி.டி.ஆர். கோல்டிடம் 1,350 டன் தங்கம் இருந்தது. ஆண்டு முடிவில் ஏறக்குறைய 800 டன்தான் மிஞ்சியது. உலகெங்கும் இருந்த தங்க இ.டி.எஃப்.கள் அனைத்தையும் சேர்த்தால் வெளியேறியது ஏறத்தாழ 880 டன். உலகச் சுரங்கங்கள் ஓராண்டு முழுக்கத் தோண்டி எடுக்கும் தங்கத்தில் இது கால் பங்குக்கும் மேல். இவ்வளவும் எதிர்பாராத கூடுதல் வரத்தாகச் சந்தையில் வந்து விழுந்தால் விலை தாங்காது.

பங்குகள் ஏறியதால் மட்டும் இது நடந்தது என்று சொல்வது பாதி உண்மைதான். பங்கும் தங்கமும் ஒரே காரணத்துக்கு எதிரெதிராக அசைந்தன என்பதே சரி. பொருளாதாரம் மீள்கிறது என்ற நம்பிக்கை பங்குகளை ஏற்றியது. அதே நம்பிக்கை, பெடரல் ரிசர்வ் தன் பணப் புழக்கத் திட்டத்தைக் குறைக்கும் என்ற எதிர்பார்ப்பையும் கொண்டுவந்தது. மே 22 அன்று அதன் தலைவர் பென் பெர்னான்கி, பத்திரம் வாங்குவதை அடுத்த சில கூட்டங்களில் குறைக்கலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம் கூறியதும் நீண்ட கால வட்டி ஏறத் தொடங்கியது.

இங்கே பார்க்க வேண்டியது, வட்டியிலிருந்து எதிர்பார்க்கப்படும் பணவீக்கத்தைக் கழித்தால் மிஞ்சும் நிகர வட்டி. 2013-இன் தொடக்கத்தில் அமெரிக்க அரசின் பத்தாண்டுப் பத்திரம் சுமார் 1.8 சதவீதம் தந்தது. சந்தை எதிர்பார்த்த பணவீக்கமோ 2.5 சதவீதம். பத்திரம் வாங்கியவருக்கு ஆண்டுதோறும் 0.7 சதவீதம் நஷ்டம். அந்த நிலையில் வட்டியில்லாத தங்கம் நல்ல தேர்வாக இருந்தது. ஆண்டு முடிவில் வட்டி 3 சதவீதமாகவும், எதிர்பார்த்த பணவீக்கம் 2.2 சதவீதமாகவும் மாறின. இப்போது பத்திரக்காரருக்கு 0.8 சதவீதம் உண்மையான லாபம். தங்கத்தின் தன்மை எதுவும் மாறாமலே அது ஒன்றரை சதவீதம் பின்தங்கிவிட்டது.

2012 முடிவில் 10,000 டாலரைத் தங்கத்தில் போட்டவரிடம் ஓராண்டு கழித்து ஏறக்குறைய 7,250 டாலர் இருந்தது. அதே தொகையை எஸ் அண்டு பி 500 பங்குகளில் போட்டவரிடம், டிவிடெண்டையும் சேர்த்து, 13,200 டாலருக்கு மேல் இருந்தது. இப்படி ஒரு வித்தியாசம் கண்முன் விரியும்போது, அதுவே அடுத்த சுற்று விற்பனைக்குக் காரணமாகிறது. தங்கள் நிதி மேலாளர் எதற்காகத் தங்கத்தை வைத்திருக்கிறார் என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். மேலாளர் காலாண்டு அறிக்கைக்கு முன்பே விற்றுவிடுவார்.

தங்கத்திலிருந்து பணம் வெளியேறியது என்று பேசும்போது ஒன்றை மறக்கக் கூடாது. விற்கப்பட்ட ஒவ்வொரு கட்டியையும் யாரோ வாங்கினார்கள். யாராவது வாங்க முன்வரும் வரை விலை இறங்கியது என்பதே வெளியேற்றத்தின் பொருள். 2013-இல் அப்படி முன்வந்தவர்கள் ஆசியர்கள். லண்டன் கட்டிகள் சுவிட்சர்லாந்தின் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் போய் உருக்கப்பட்டு, ஆசியச் சந்தை விரும்பும் ஒரு கிலோ கட்டிகளாக வார்க்கப்பட்டுக் கிழக்கு நோக்கி வந்தன. அந்த ஆண்டு சீனர்கள் ஆயிரம் டன்னுக்கு மேல் வாங்கி, இந்தியாவை முந்தினார்கள்.

இந்தியாவில் அந்த மலிவு முழுதாகக் கைக்கு வரவில்லை. அந்நியச் செலாவணி கரைவதைத் தடுக்க, தங்கத்துக்கான இறக்குமதி வரி 2013 ஜனவரியில் 4 சதவீதத்திலிருந்து 6 ஆகவும், ஜூனில் 8 ஆகவும், ஆகஸ்டில் 10 ஆகவும் உயர்ந்தது. அந்த ஆகஸ்ட் மாதத்தில் டாலருக்கு எதிரான ரூபாய் 68-ஐத் தாண்டி வீழ்ந்தது. டாலரில் தங்கம் நான்கில் ஒரு பங்குக்கு மேல் விழுந்த ஆண்டில், நகைக்கடையில் பவுன் விலை அந்த அளவுக்கு இறங்காததற்கு இதுதான் காரணம். நம் ஊரில் தங்கம் வாங்குபவர் உலக விலையோடு டாலர் மதிப்பையும் சேர்த்தே வாங்குகிறார்.

பங்கு ஏறினால் தங்கம் இறங்கும் என்பதை விதியாக எடுத்துக்கொள்பவர் ஏமாந்துபோவார். 2008 அக்டோபரில் இரண்டும் சேர்ந்தே விழுந்தன. பங்கில் நஷ்டப்பட்டவர்கள் மார்ஜின் பணம் கட்டுவதற்காகக் கையில் இருந்த தங்கத்தையும் விற்றார்கள். 2024-இல் இரண்டும் சேர்ந்தே 20 சதவீதத்துக்கு மேல் ஏறின. அந்த ஆண்டு உலகின் மத்திய வங்கிகள் ஆயிரம் டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. அவற்றின் நோக்கம் டாலரை மட்டும் நம்பியிருக்கும் நிலையைக் குறைப்பது. பங்குச் சந்தையின் உற்சாகம் அந்த முடிவை மாற்றுவதில்லை. நம்பிக்கை தங்கத்தை விற்கச் செய்வது முக்கியமாக மேற்கத்திய நிதி முதலீட்டாளர்களைத்தான். விலையை நிர்ணயிக்கும் கை அவர்களுடையதாக இருக்கும் காலத்தில் மட்டுமே 2013 போன்ற சரிவு நடக்கிறது.

அது நடக்கிறதா என்று அறிய இரண்டு எண்கள் போதும். பெரிய இ.டி.எஃப்.கள் தங்களிடம் உள்ள தங்கத்தை டன் கணக்கில் தினமும் வெளியிடுகின்றன. பணவீக்கத்துக்கு ஈடுகட்டும் அமெரிக்க அரசுப் பத்திரத்தின் வருமானமும் தினமும் வெளியாகிறது. விலை மட்டும் விழுந்து டன் குறையாமல் இருந்தால் அது பெரும்பாலும் முன்பேரச் சந்தையின் ஆட்டம், சில வாரங்களில் அடங்கக்கூடியது. டன் வாரந்தோறும் குறைந்து, நிகர வட்டியும் ஏறினால், நிலைமை எளிதில் திரும்பாது. 2013-இல் தொடங்கிய சரிவு 2015 டிசம்பரில் 1,050 டாலர் அருகே வந்துதான் நின்றது. பெடரல் ரிசர்வ் ஏழாண்டு பூஜ்ய வட்டிக்குப் பிறகு முதன்முறையாக வட்டியை உயர்த்தியதும் அதே வாரத்தில்தான். வட்டி உயரும் என்ற எதிர்பார்ப்புக்கே விற்க வேண்டியவர்கள் எல்லோரும் அதற்குள் விற்று முடித்திருந்தார்கள்.