மாதச் சாப்பாட்டுக்கு 200 ரூபாய் கூடுதல்: எப்படிச் சொல்வது?

மாதக் கணக்கில் சாப்பாடு எடுப்பவர்களை நம்பி நடக்கும் மெஸ்களில் விலையேற்றம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகிறது. ஒன்றாம் தேதி காலையில் கல்லாவுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கும்: ‘தவிர்க்க முடியாத காரணங்களால் சாப்பாட்டு விலை உயர்த்தப்பட்டுள்ளது.’ ஐந்து வருடமாகச் சாப்பிடுகிறவருக்கும் நேற்று முதன்முதலாக வந்தவருக்கும் அதே தாள்தான். என்ன காரணம் என்று அதில் இருக்காது. கேட்டால் பரிமாறுகிற தம்பி, “முதலாளிகிட்ட கேளுங்க சார்” என்பான். பழைய வாடிக்கையாளருக்கு 200 ரூபாய் போனதைவிட, தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் உறுத்தும்.

இந்த உறுத்தலை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் 1986இல் ஒரு புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கனடாவில் மக்களிடம் தொலைபேசியில் சில கேள்விகள் கேட்டுத் திரட்டிய பதில்களே அதற்கு அடிப்படை. ஒரு கேள்வி இது: பனி அள்ளும் மண்வெட்டியை 15 டாலருக்கு விற்றுவந்த கடைக்காரர், கடும் பனி பெய்த மறுநாள் அதை 20 டாலர் ஆக்குகிறார், இது சரியா? 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். இன்னொரு கேள்வியில், மொத்த விலை ஏறியதால் மளிகைக்காரர் கீரையின் விலையை அதே அளவு ஏற்றுகிறார். அதைப் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். விலை ஏறுவதே மக்களுக்குக் கோபம் தருவதில்லை. தன் செலவு கூடியதால் ஏற்றுகிறாரா, நம் தேவையைப் பார்த்து ஏற்றுகிறாரா என்றுதான் பார்க்கிறார்கள். காரணம் எழுதாத தாளைப் படிக்கிறவர் இரண்டாவதைத்தான் ஊகித்துக்கொள்வார்.

ஆகவே முதல் வேலை கணக்கு. ஒரு சிறு மெஸ்ஸை எடுத்துக்கொள்வோம். மாத வாடிக்கையாக 60 பேர். ஞாயிறு தவிர மாதம் 26 மதியச் சாப்பாடு, ஒன்று 80 ரூபாய், மாதம் 2,080. வாடகை போன்ற நிலையான செலவுகளைத் தள்ளிவைத்தால், ஒரு சாப்பாட்டுக்கு நேரடியாக ஆகும் செலவு 55 ரூபாயாக இருந்தது. இப்போது அரிசி, பருப்பில் 4, எண்ணெயில் 1, கேரியர் கொண்டுபோகும் பையன்களின் கூலியில் 2 என்று மொத்தம் 7 ரூபாய் கூடி 62 ஆகிவிட்டது. அதாவது ஒரு வாடிக்கையாளருக்கு மாதம் 182 ரூபாய் கூடுதல் செலவு. முன்பு அவரால் 650 ரூபாய் மிஞ்சியது, இப்போது 468தான்.

182 ஏறியிருக்கும்போது 200 கேட்டால் நியாயம் சொல்ல முடியும். மாதம் 2,280 என்பது சில்லறைத் தொல்லை இல்லாத தொகை. அந்தப் பதினெட்டு ரூபாய்க்கு ஈடாக ‘இன்னும் ஒரு வருடத்துக்கு விலை மாறாது’ என்று உறுதி கொடுக்கலாம். 400 கேட்டால் எந்த வார்த்தையாலும் சமாளிக்க முடியாது. சமையல் செலவு தெரிந்தவர்கள் வாடிக்கையாளர்களிலேயே நிறைய இருக்கிறார்கள்.

‘எல்லாரும் போய்விடுவார்கள்’ என்ற பயத்துக்கும் இதே கணக்கில் பதில் இருக்கிறது. விலையை ஏற்றாமல் விட்டால் 60 பேரால் மாதம் 28,080 மிஞ்சும். ஏற்றினால் ஒருவருக்கு 668 மிஞ்சும். 43 பேர் இருந்தாலே அந்தத் தொகையைத் தாண்டிவிடலாம். அதாவது 17 பேர் போனாலும், ஏற்றாமல் இருந்ததைவிட நிலைமை மோசமாகாது. இது தெரிந்தால் பேசும்போது குரலில் நடுக்கம் இருக்காது. ஆனால் பழைய வருமானமான 39,000 வேண்டுமென்றால் ஒருவருக்கு மேல் இழக்க முடியாது. சொல்லும் விதத்துக்கு இவ்வளவு மெனக்கெடுவது அதனால்தான்.

எப்போது சொல்வது? மாதம் முடியப் பதினைந்து நாளாவது இருக்கும்போது. சம்பளக்காரர் அடுத்த மாதச் செலவை மனதுக்குள் பிரித்துப் பார்க்க அவகாசம் வேண்டும். ஏற்கெனவே வாங்கிய டோக்கன் பழைய விலையிலேயே செல்லும் என்பதை அவர் கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். நீண்ட நாள் வாடிக்கைகளிடம் உரிமையாளரே நேரில் சொல்ல வேண்டும். கேரியர் எடுப்பவர்களிடம் போனில் பேசலாம். எழுதிக் கொடுக்கும் தாள் அதற்குப் பிறகுதான்.

சொல்லும் வார்த்தைகள் இவ்வளவு போதும்: “அண்ணே, அடுத்த ஒண்ணாம் தேதியிலிருந்து மாசம் 2,280 ஆகுது. இருநூறு கூடுது. அரிசி, பருப்பு, எண்ணெய், கேரியர் கூலி எல்லாம் சேர்ந்து சாப்பாட்டுக்கு ஏழு ரூபா ஏறிருச்சு. சாப்பாட்டுல எதையும் குறைக்கல. இன்னும் ஒரு வருஷத்துக்கு இதான் விலை.” தொகை முதலில், காரணம் பிறகு. அரை மணி நேரம் விலைவாசியைப் பற்றிப் புலம்பிவிட்டுக் கடைசியில் தொகையைச் சொன்னால், கேட்பவர் முழு நேரமும் ‘எவ்வளவு, எவ்வளவு’ என்றுதான் காத்திருப்பார்.

தக்காளி, வெங்காயத்தைக் காரணமாகச் சொல்வதில் ஒரு ஆபத்து உண்டு. மூன்று வாரத்தில் தக்காளி இறங்கிவிடும், அப்போது “விலையைக் குறைக்கலையா?” என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. சீக்கிரம் இறங்காத செலவுகளைத்தான் காரணமாகக் காட்ட வேண்டும்.

இதைவிட மோசமானது, விலையேற்றத்தைச் சலுகை போலக் காட்டுவது. அமெரிக்காவின் நெட்ஃபிளிக்ஸ் 2011 ஜூலையில் இதைச் செய்தது. அதுவரை மாதம் 9.99 டாலருக்கு டிவிடியும் இணையவழிப் படங்களும் சேர்ந்து கிடைத்தன. இரண்டையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 7.99 என்றார்கள், இரண்டும் வேண்டுமென்றால் 15.98. ஏறக்குறைய 60 சதவீத ஏற்றம். அறிவிப்போ டிவிடிக்கு இதுவரை இல்லாத குறைந்த விலை என்று பெருமை பேசியது. பழைய சந்தாதாரர்களுக்குச் செப்டம்பர் வரை அவகாசம் கொடுத்தும் பயனில்லை. அந்தக் காலாண்டில் அமெரிக்காவில் எட்டு லட்சம் சந்தாதாரர்கள் குறைந்தார்கள். செப்டம்பரில் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், தான் தவறு செய்துவிட்டதாகவும் எல்லாருக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டிருப்பதாகவும் எழுத நேர்ந்தது. மெஸ்ஸில் இதே தவறு வேறு உருவில் வரும்: விலையை அப்படியே வைத்துக்கொண்டு பொரியல் கிண்ணத்தைச் சின்னதாக்குவது. தினமும் சாப்பிடுகிறவருக்கு அது இரண்டாம் நாளே தெரியும். அதன் பிறகு உண்மையான காரணத்தைச் சொன்னாலும் நம்ப மாட்டார்.

பழைய வாடிக்கைக்கு மட்டும் ரகசியமாகப் பழைய விலை கொடுக்கத் தோன்றும். ஒரே அலுவலகத்துக்கு நான்கு கேரியர் போகிறதென்றால் அந்த ரகசியம் ஒரு வாரம்கூடத் தாங்காது. விலையில் வேறுபாடு காட்டுவதைவிட நாளில் காட்டுவது நல்லது: ‘ஒரு வருடத்துக்கு மேல் வாடிக்கையாக இருப்பவர்களுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் புது விலை.’ எல்லாருக்கும் தெரியும்படியே சொல்லலாம். யாருக்கும் மனக்குறை வராது. ஒருவருக்கு இதற்கு ஆகும் செலவு 200 ரூபாய், அதுவும் ஒரே ஒரு முறை.

சொன்ன பிறகு யாரைக் கவனிப்பது? சத்தம் போடுகிறவரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம் என்பது என் எண்ணம். இங்கேயே தொடர நினைப்பதால்தான் அவர் வாதாடுகிறார். ஒன்றும் பேசாமல் 26 டோக்கனுக்குப் பதில் 15 வாங்குகிறவர்தான் விலகத் தொடங்கியிருப்பவர். மூன்று மாதம் டோக்கன் நோட்டைப் புரட்டினால் அப்படிப்பட்டவர்கள் தெரிந்துவிடுவார்கள். அவர்களை ஒருமுறை கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். “கட்டுப்படியாகல” என்று ஒருவர் சொன்னால் விலையைக் குறைக்காமல் சாப்பாட்டின் அளவை மாற்றித் தரலாம்: கூட்டு, அப்பளம் இல்லாமல் ஒரு சிறிய சாப்பாடு, அதற்கென்று ஒரு விலை. அதையும் அவருக்கு மட்டும் என்று வைக்காமல், கேட்கிற எவருக்கும் கிடைக்கும்படி பலகையில் எழுதிவிட வேண்டும்.