திரும்பி வரும் பனைவெல்லம்

கைப்பேசிக் கடை – 9

பனமலையிலிருந்து பனைவெல்லம் அனுப்புகிறவருக்கு, புடவை விற்கிறவருக்கு இல்லாத ஒரு தொல்லை உண்டு. புடவை திரும்பி வந்தால் உதறி மடித்து அடுத்தவருக்கு அனுப்பிவிடலாம். பனைவெல்லம் போனபடி வராது. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து, கசிந்து, பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும். சேலத்தில் ஒருவர் வேண்டாமென்று சொன்ன பெட்டி, அங்கே கிடங்கில் சில நாள் கிடந்து, விழுப்புரம் வழியாக ஊர் திரும்புவதற்குள் இரண்டு மூன்று வாரம் ஓடிவிடும். மழைக்காலமென்றால் கேட்கவே வேண்டாம்.

பனமலையைத் தாளகிரீசுவரர் கோயிலுக்காகவும், ராஜசிம்ம பல்லவன் காலத்துச் சுவரோவியத்துக்காகவும் வெளியூர்க்காரர்கள் அறிவார்கள். இந்த வாரம் நமக்கு வேண்டியது இந்த வட்டாரத்தின் பனை. விக்கிரவாண்டியை அடுத்த நரசிங்கனூர், பூரிகுடிசைப் பக்கம் இன்னும் பனையேறிகள் மரம் ஏறுகிறார்கள், பதநீர் இறங்குகிறது. அந்த வெல்லத்தை வாங்கி, இன்ஸ்டாகிராமில் படம் போட்டு, கேஷ் ஆன் டெலிவரியில் விற்கும் ஒரு சிறு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். விலைகள் கணக்குக்காக நான் வைத்தவை. உங்கள் கடைக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு கிலோ வெல்லம் 900 ரூபாய். சரக்கின் அடக்கம் 600. அட்டைப்பெட்டி, உள்ளே பாலிதீன் உறை, டேப் எல்லாம் சேர்த்து 40. கூரியர் 110. பணம் வசூலித்துத் தருவதற்குக் கூரியர் கம்பெனி எடுத்துக்கொள்வது 40. மிச்சம் 110 ரூபாய், ஒரு பார்சலின் லாபம். இப்போது அதே பார்சல் திரும்புகிறது. வசூல் கட்டணத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஆனால் போன கூலி 110, திரும்பி வந்த கூலி 100, பெட்டி 40, மொத்தம் 250 போச்சு. கசிந்த வெல்லத்தை அடக்கத்தில் பாதி விலைக்குத் தள்ளினால் இன்னொரு 300. ஆக ஒரு பார்சல் திரும்பினால் 550 நஷ்டம். ஐந்து பார்சல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த லாபம் அதில் கரைந்துவிடுகிறது. ஆறில் ஒன்று திரும்பினால் கடைக்காரர் மாதம் முழுக்க உழைத்தும் கையில் எதுவும் நிற்காது. அதற்கு மேல் திரும்பினால் கைப்பணம் போகும்.

இப்படித் திரும்புவதைக் கூரியர்காரர்கள் ஆர்.டி.ஓ. என்பார்கள். லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அனுப்பிய இடத்துக்கே திரும்பியது என்று பொருள். ஆர்.டி.ஓ. கூடியதும் எல்லாரும் முதலில் சொல்வது, “ஃபேக் ஆர்டர் போடுறாங்க சார்” என்பதுதான். திரும்பி வந்த ஒவ்வொரு பெட்டிக்கும் காரணத்தைக் கேட்டு நோட்டில் எழுதிப் பார்த்தால் இந்தக் கோபம் பாதி தணியும். பொய் ஆர்டர் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. அதைவிட அதிகம் இரண்டு வகை: ஆர்டர் போட்ட ராத்திரி ஆசைப்பட்டு, பெட்டி வருவதற்குள் மனம் மாறியவர்கள்; வெல்லம் வேண்டும் என்றே காத்திருந்தும் கையில் கிடைக்காமல் போனவர்கள். மூன்றுக்கும் மருந்து வேறுவேறு. எல்லாவற்றையும் பொய் என்று நினைத்துக் கதவை இறுக்கினால், மூன்றாமவரையும் சேர்த்து வெளியே நிறுத்திவிடுவோம்.

பொய் ஆர்டரைப் பிடிப்பதுதான் இருப்பதிலேயே எளிது. பத்து இலக்கம் இல்லாத எண், 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில் தொடங்காத எண், ஒரே இலக்கம் வரிசையாக வரும் எண் ஆகியவற்றைக் கடைப் பக்கமே ஏற்காதபடி அமைத்துவிடலாம். பின்கோடும் ஊரும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே சற்று நிதானம் தேவை. 605 என்று தொடங்கினால் புதுச்சேரியும் உண்டு, விழுப்புரமும் உண்டு. 604 என்றால் திண்டிவனம், செஞ்சிப் பக்கம். ஒரு பின்கோடுக்குள் பல கிராமங்கள் அடங்கும். ஆகவே ஊர்ப்பெயர் பொருந்தவில்லை என்பதால் மட்டும் பொய்யென்று தள்ளாமல், அதைக் கேட்டுத் தெளிவதற்கான அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவையே பத்துக் கிலோ கேட்கிறவர், ஒரே எண்ணில் மூன்று பெயர்களில் ஆர்டர் போடுகிறவர் இவர்களும் அந்தப் பட்டியல்தான்.

கேட்டுத் தெளிவது என்றால் போன் போடுவது. வேறு எந்தக் கருவியையும்விட இது வேலை செய்கிறது, ஆனால் எப்படிக் கேட்கிறோம் என்பதில் இருக்கிறது விஷயம். “ஆர்டர் போட்டிருக்கீங்களா?” என்றால் எவரும் “ஆமா” என்று சொல்லி வைத்துவிடுவார். அந்த ஆமாவுக்கு மதிப்பில்லை. வாங்கப்போகிறவர் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வி வேண்டும்.

“அக்கா, பனமலையிலேருந்து பேசுறோம். ரெண்டு கிலோ வெல்லம் கேட்டிருக்கீங்க. வியாழன் இல்லன்னா வெள்ளி வரும். வீட்ல யார் இருப்பாங்க?”

“நான் வேலைக்குப் போயிடுவேன் தம்பி, எங்க மாமியார் இருப்பாங்க.”

“அவங்ககிட்ட 900 ரூபா கொடுத்து வெச்சிடுறீங்களா? அவங்க நம்பர் ஒண்ணு கொடுங்க. ஊருக்குள்ள வந்து எதைக் கேட்டா வீடு தெரியும்?”

இந்த ஒரு நிமிடத்தில் மூன்று வகையும் பிரிந்துவிடும். பொய்க்காரர் எடுக்க மாட்டார், அல்லது எண் வேறு யாருடையதாகவோ இருக்கும். மனம் மாறியவர் மாமியார் வரை போக மாட்டார். “அடுத்த மாசம் பாத்துக்கலாமா” என்று இழுப்பார். அதை அப்போதே சிரித்தபடி ரத்து செய்துவிடுவது 550 ரூபாய் சம்பாதித்த மாதிரி. வேண்டுமென்று இருப்பவரோ இரண்டாவது எண்ணையும் “தண்ணி டேங்க் எதிர் சந்து” என்ற அடையாளத்தையும் கொடுத்துவிடுவார். கிராமத்து முகவரியில் கதவு எண்ணைவிட அந்தத் தண்ணீர்த் தொட்டிதான் பெட்டியைக் கொண்டுசேர்க்கும்.

தெரியாத எண்ணென்றால் பலரும் எடுப்பதில்லை. அதனால் முதலில் கடையின் பெயரோடு வாட்ஸ்அப் செய்தி, பிறகு அழைப்பு. காலையில் எடுக்காதவர் மாலையில் எடுப்பார். இரண்டு நாள் முயன்றும் பதில் இல்லையென்றால், ஒரு செய்தி அனுப்பிவிட்டு ஆர்டரை நிறுத்திவைக்க வேண்டியதுதான். உறுதியாகாத பெட்டி கடையை விட்டுக் கிளம்பக் கூடாது. ஆர்டர் போட்ட அன்றே அனுப்பினால்தான் மனம் மாறாது என்று வாதிடுபவர்கள் உண்டு. வேகம் நல்லதுதான், ஆனால் வெல்லம் மாதிரிச் சரக்குக்கு அரை நாள் தாமதம் கெடுதல் இல்லை.

அடுத்தது முன்பணம். இது புதிதல்ல. இந்தியத் தபால் துறை 1877-லேயே வி.பி.பி. முறையைக் கொண்டுவந்துவிட்டது, தபால்காரரிடம் பணம் கட்டிப் புத்தகப் பொட்டலம் வாங்கிய தலைமுறை இன்னும் இருக்கிறது. கொஞ்சம் முன்பணம் அனுப்பினால்தான் வி.பி.பி. என்று அறிவித்த வியாபாரிகளும் இருந்தார்கள். 2010-ல் ஃப்ளிப்கார்ட் கேஷ் ஆன் டெலிவரியைத் தொடங்கியபோது அந்த முன்பணம் காணாமல் போனது. பெரிய கம்பெனிக்குத் தாங்கும். பனமலைக் கடைக்குத் தாங்காது. நூறு ரூபாயை யு.பி.ஐ.யில் வாங்கிக்கொண்டு மீதி 800-ஐ வாசலில் வாங்கினால், மனம் மாறியவர்களில் பெரும்பாலோர் அந்த இடத்திலேயே விலகிவிடுவார்கள்.

ஆனால் எல்லாரிடமும் கேட்காதீர்கள். கைப்பேசியில் பணம் அனுப்பத் தெரியாத பெரியவர்தான் பனைவெல்லத்தை ருசி தெரிந்து வாங்குகிறவர். ஏற்கெனவே வாங்கியவருக்கும், போனில் தெளிவாகப் பேசியவருக்கும் முன்பணம் வேண்டாம். புதிய எண், பெரிய தொகை, தொலைதூரம் ஆகியவற்றில் இரண்டு சேர்ந்தால் கேட்கலாம். அனுப்புவதற்கு முன் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும், அனுப்பிய பின் காரணமின்றி மறுத்தால் கூரியர் கூலிக்குக் கழியும் என்பதை வாங்குவதற்கு முன்னாலேயே எழுதிக்காட்ட வேண்டும். கேஷ் ஆன் டெலிவரிக்குத் தனிக் கட்டணம் வைத்தாலும் அப்படித்தான். கடைசிப் பக்கத்தில் திடீரென்று தொகையைக் கூட்டுவதை, மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகள் நுகர்வோரை ஏமாற்றும் உத்திகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கின்றன. என்னைக் கேட்டால் கட்டணத்தைவிடத் தள்ளுபடி மேல்: முன்பே முழுப் பணம் கட்டுகிறவருக்கு 40 ரூபாய் குறையுங்கள். வசூல் கட்டணம் மிச்சமாவதால் கடைக்கு நஷ்டமில்லை.

இனி மூன்றாமவர். வெல்லம் வேண்டும், பணமும் தயார், பெட்டி மட்டும் வரவில்லை. மாலையில் கூரியர் பக்கத்தில் ‘வாடிக்கையாளர் இல்லை’ என்று பதிவாகியிருக்கும். கடைக்காரர் தூங்கிவிட்டால் இன்னும் ஓரிரு முயற்சி, அதுவும் இதே பதிவு, பிறகு பெட்டி திரும்பத் தொடங்கிவிடும். பதிவான அன்று இரவே வாங்குபவரை அழைத்து, “யாராவது போன் பண்ணாங்களா?” என்று கேட்க வேண்டும். பண்ணவே இல்லை என்று பல பேர் சொன்னால், அதிலும் ஒரே கிடங்கின் பெட்டிகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் அந்தப் பதிவு விழுந்திருந்தால், குறை வாடிக்கையாளரிடம் இல்லை. ஒரு நாளில் சுமக்க முடியாத பெட்டிகளோடு கிளம்பிய பையன், தூரத்துக் கிராமத்தை ஒதுக்கிவிட்டான். மாமியார் எண்ணையும் தண்ணீர்த் தொட்டியையும் குறித்து மறுமுயற்சி கேட்டால் பாதி வேலை முடியும். அதே ஊருக்குத் தொடர்ந்து இப்படியே நடந்தால், அந்த ஊர்ப் பெட்டிகளைத் தபாலுக்கு மாற்றுவதைப் பரிசீலிக்கலாம். தபால்காரருக்கு அந்தத் தெரு பழக்கம்.

நோட்டில் பின்கோடு, காரணம் இரண்டையும் எழுதி வந்தால் சில மாதங்களில் எங்கே முன்பணம், எங்கே வேறு கூரியர் என்பது தெரியும். மூன்று பெட்டியில் இரண்டு திரும்பியதற்காக ஒரு ஊரையே அடைத்துவிடாதீர்கள். அது தற்செயலாகவும் இருக்கலாம். இருபது முப்பது பெட்டி போன பிறகு பாருங்கள்.

கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ‘இந்த நம்பருக்கு அனுப்பாதீங்க’ என்று பட்டியல் சுற்றுகிறது. இதில் எனக்கு உடன்பாடில்லை. வாடிக்கையாளர் பெட்டி வாங்கக் கொடுத்த எண்ணை ஊரெல்லாம் பரப்புவது 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் போக்குக்கே எதிரானது. தவிர, கைவிடப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்துத் தொலைபேசிக் கம்பெனி வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். போன வருடம் ஏமாற்றியவரின் எண்ணில் இன்று நல்ல வாடிக்கையாளர் இருக்கலாம். உங்கள் கடை நோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; அங்கும் அந்த எண்ணுக்குத் தடை போடாமல், முன்பணம் கேளுங்கள்.

இவ்வளவு செய்தும் சில பெட்டிகள் திரும்பத்தான் செய்யும். வரும்போது, பிரிப்பதற்கு முன் எடை போட்டு, ஆறு பக்கமும் தெரியப் படம் பிடித்து, பிரிப்பதை வீடியோ எடுங்கள். உள்ளே வெல்லத்துக்குப் பதில் வேறு ஏதாவது இருந்தால் கூரியரிடம் கேட்க அதுதான் சாட்சி. புகார் கொடுக்க ஒவ்வொரு கம்பெனியும் ஒரு கெடு வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் அது எத்தனை மணி நேரம் என்று பார்த்து, பெட்டி பிரிக்கும் மேசைக்கு மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

(தொடரும்)