நாலு மணியா, இருபத்து நாலு மணியா?

வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் தயாரிப்பது எப்படி என்று ஒரு செவிலியர் விளக்கும் குறும்படம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். செல்போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோ. அதில் அவர் பேசுவது இது:

"இந்த பாக்கெட்ட பிரிச்சு, முழு பொடியையும், பாதி பாதியா இல்லாம, ஒரே தடவையில, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணியில கொட்டி நல்லா கலக்கிடணும். கலக்குன தண்ணிய இருபத்து நாலு மணி நேரத்துக்குள்ள குடிச்சு முடிச்சிடணும், மிச்சம் இருந்தா கீழ ஊத்திடணும்."

எடிட்டிங் செயலி இந்தப் பேச்சைத் தானே எழுத்தாக்கி, இடம் நிரம்பும்போதெல்லாம் வெட்டி, அடுத்த துண்டுக்குப் போகிறது. ஒரு துண்டு "கலக்குன தண்ணிய இருபத்து" என்று முடிகிறது. அடுத்த துண்டு "நாலு மணி நேரத்துக்குள்ள" என்று தொடங்குகிறது. சத்தத்தோடு பார்ப்பவருக்கு இதில் ஒரு சிக்கலும் இல்லை. காது இரண்டையும் சேர்த்துவிடும். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கும் தாய் முதல் துண்டின் கடைசிச் சொல்லைத் தவறவிட்டிருந்தால், அவர் மனதில் நிற்பது நாலு மணி நேரம். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் தகவல் தப்பாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்படிப் பார்ப்பவர்கள் குறைவு என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. ஃபேஸ்புக்கில் தங்கள் வீடியோக்களில் சுமார் 85 சதவீதம் சத்தமில்லாமலே பார்க்கப்படுகின்றன என்று பல ஊடக நிறுவனங்கள் சொன்னதை, 2016-ல் டிஜிடே இதழ் வெளியிட்டது. அந்தக் காலத்தில் ஃபேஸ்புக் வீடியோக்கள் சத்தமில்லாமல் தானாக ஓடும்படி இருந்தன. அந்த எண் பெருத்ததற்கு அதுவும் ஒரு காரணம். பேருந்திலும், மருத்துவமனை வரிசையிலும், குழந்தையைத் தூங்க வைத்த பிறகும் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் இன்றும் நம்மைச் சுற்றி இருக்கிறார்கள்.

இவர்களுக்காகத்தான் சப்டைட்டிலைப் படத்தோடு சேர்த்துப் பதித்துவிடுகிறார்கள். தனிக் கோப்பாக இணைத்தால், வீடியோ வாட்ஸ்அப்பில் கைமாறும்போது அந்தக் கோப்பு கூட வராது. பதித்த எழுத்து எங்கே போனாலும் படத்தோடு போகும். அதற்கு ஒரு விலையும் உண்டு: பார்ப்பவரால் அதைப் பெரிதாக்கவோ நகர்த்தவோ அணைக்கவோ முடியாது. பதிவேற்றிய பிறகு செய்தவராலும் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. வரியை எங்கே ஒடிப்பது, எத்தனை நொடி நிறுத்துவது என்பதையெல்லாம் முன்கூட்டியே சரியாக முடிவு செய்தாக வேண்டும்.

சத்தம் இல்லாதபோது கண்ணுக்கு வேலை கூடுகிறது. அக்னீஷ்கா ஷார்கோவ்ஸ்கா என்ற போலந்து ஆய்வாளர் இந்தத் துறையில் பல ஆண்டுகளாகப் பார்வையாளர்களின் கண்ணசைவை அளந்து வருபவர். அவரும் உடன் ஆய்வாளர்களும் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், ஒலியை அணைத்துப் பார்த்தவர்களுக்குப் புரிதல் குறைந்தது, மனச்சுமை கூடியது, கண்ணும் சப்டைட்டில் மீதே அதிக நேரம் நின்றது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. வாக்கியம் எங்கே முடிகிறது, எந்தச் சொல்லுக்கு அழுத்தம், பேசுவது யார் என்பதையெல்லாம் குரல் சொல்லிவிடும். குரல் போனால் அத்தனையையும் எழுத்தே சுமக்க வேண்டும்.

எவ்வளவு வேகத்தில் எழுத்து ஓடலாம்? பிபிசியின் சப்டைட்டில் வழிகாட்டி நிமிடத்துக்கு 160 முதல் 180 சொற்கள் என்கிறது. சொல்லுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நொடி. ஆங்கிலத்துக்குப் பொருந்தும் இந்தக் கணக்கு தமிழில் கால் ஊன்றாது. 'நீ' என்பதும் ஒரு சொல், 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்பதும் ஒரு சொல். இரண்டுக்கும் ஒரே நேரம் கொடுத்தால் இரண்டாவதைப் படிக்கத் தொடங்கும்போதே அது போய்விடும்.

சரி, எழுத்தை எண்ணலாம் என்றால் அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் ஆங்கிலத்துக்கு வகுத்திருக்கும் விதியில் ஒரு வரிக்கு 42 எழுத்து, பெரியவர்களுக்கான நிகழ்ச்சியில் நொடிக்கு 20 எழுத்து. இதே எண்களைத் தமிழ் வீடியோவுக்கும் வைத்துக்கொண்டு வேலை செய்பவர்கள் உண்டு. ஆனால் பல மென்பொருள்கள் எண்ணுவது நாம் எழுத்து என்று சொல்வதை அல்ல, யூனிகோடு குறியீடுகளை. 'கொ' நமக்கு ஒரு எழுத்து. கணினிக்கு 'க' ஒன்று, ஒகரக் குறி ஒன்று. 'க்' என்பதிலும் புள்ளி தனியாக ஒன்று. 'வந்துகொண்டிருக்கிறார்கள்' நம் கணக்கில் 13 எழுத்து, கணினிக் கணக்கில் 24. எனவே திரையில் காட்டும் எண்ணை நம்புவதற்கு முன், செயலி எதை எண்ணுகிறது என்று இந்த ஒரு சொல்லைத் தட்டிச் சோதித்துவிடலாம்.

கண்ணால் பார்க்கும் எழுத்தை, சொல் இடைவெளியையும் சேர்த்து எண்ணினால், ஒலியில்லாத செல்போன் வீடியோவுக்கு நொடிக்கு 7 முதல் 9 எழுத்து என்பது இந்தக் கட்டுரை முன்வைக்கும் கைக்கணக்கு. ஆய்வகத்தில் நிறுவிய எல்லை அல்ல இது. விரைவாகப் படிப்பவர்கள் இதைவிடக் கூடுதலாகவும் தாங்குவார்கள். ஆனால் மருந்தளவு சொல்லும் வீடியோவை விரைவாகப் படிப்பவர்களுக்காக மட்டும் யாரும் எடுப்பதில்லை.

வரியின் நீளத்துக்கு எண்ணிக்கையைவிட அகலம்தான் முக்கியம். நிமிர்ந்த வீடியோவின் அகலம் 1080 பிக்சல். இரு ஓரமும் கொஞ்சம் விட வேண்டும். வலப்பக்கம் கீழே லைக், ஷேர் பொத்தான்கள் வந்து உட்காரும். அடிப்பகுதியைக் கணக்கின் பெயரும் குறிப்பும் மறைக்கும். மிஞ்சும் அகலத்தில் கை நீட்டும் தூரத்திலிருந்து படிக்கக்கூடிய அளவில் எழுதினால், 15 முதல் 18 தமிழ் எழுத்து வரைதான் ஒரு வரியில் வசதியாக நிற்கும். அதுவும் எழுத்தைப் பொறுத்தது. 'ணை' பிடிக்கும் இடத்தில் இரண்டு 'ர' உட்கார்ந்துவிடும். ஆகவே இருப்பதிலேயே அகலமான வரியை முதலில் திரையில் வைத்துப் பார்த்து, எழுத்தளவை அதற்கேற்ப முடிவு செய்துகொள்வது நல்லது.

இப்போது செவிலியரின் பேச்சுக்குத் திரும்புவோம். இடைவெளி நீங்கலாக 117 எழுத்து, இடைவெளியோடு 145. அவர் அதை 13 நொடியில் சொல்லி முடிப்பதாகக் கொள்வோம். சாதாரணமாகப் பேசும் வேகம்தான். அப்படியே எழுத்தாக்கினால் நொடிக்கு 11 எழுத்து ஓடும். கேட்க எளிது, படிக்கத் திணறும். அதனால் கொஞ்சம் சுருக்கி நான்கு துண்டாக்கலாம். சாய்கோடு வரும் இடத்தில் வரி ஒடிகிறது.

முழு பாக்கெட் பொடியையும் / ஒரே தடவையில்
1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் / கொட்டிக் கலக்கணும்
24 மணி நேரத்துக்குள் / குடித்து முடிக்கணும்
மிச்சத்தைக் கீழே / ஊற்றிடணும்

முதல் துண்டில் 21 எழுத்து, 3 நொடி நிற்கும். இரண்டாவதில் 29, 4 நொடி. மூன்றாவதில் 24, மூன்றரை நொடி. நான்காவதில் 15, இரண்டரை நொடி. மொத்தம் அதே 13 நொடி. வேகம் எங்கேயும் நொடிக்கு எட்டைத் தொடவில்லை. மிக நீண்ட வரியும் 18 எழுத்தோடு நின்றுவிடுகிறது. 'பாதி பாதியா இல்லாம' போய்விட்டது. 'முழு', 'ஒரே தடவையில்' ஆகிய இரண்டும் அந்தப் பொருளைச் சொல்லிவிடுகின்றன. எண்கள் இலக்கமாக மாறி, தம் அலகோடு ஒரே வரியில் நிற்கின்றன. '24' ஒரு துண்டிலும் 'மணி' இன்னொன்றிலும் போக இனி வழியே இல்லை.

வரியை ஒடிக்கும் இடத்தைத் தேர்வதற்கும் இதுதான் வழி. ஒன்றாகப் படித்தால்தான் பொருள் தரும் சொற்களைப் பிரிக்கக் கூடாது. எண்ணையும் அலகையும், பெயரடையையும் பெயரையும், முதல் வினையையும் துணை வினையையும் சேர்த்தே வைக்க வேண்டும். 'தண்ணீரில்' என்று வேற்றுமை உருபு முடியும் இடம் ஒடிப்பதற்கு நல்ல இடம். தமிழில் வினை கடைசியில் வருவதால் இங்கே இன்னொரு கவனமும் தேவை: 'கலக்கக் கூடாது' என்பதில் 'கூடாது' மட்டும் அடுத்த துண்டுக்குப் போனால், ஓரிரு நொடிக்கு நேர்மாறான அறிவுரை திரையில் நிற்கும்.

அடுத்தது, படத்தோடு பொருந்தும் நேரம். கேட்பவர் பொடி கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம். படிப்பவரால் ஒரே நேரத்தில் இரண்டையும் செய்ய முடியாது. முதலில் கீழே படித்து, பிறகு மேலே பார்க்கிறார். எனவே கை அசைவதற்குக் கொஞ்சம் முன்பே எழுத்து வந்துவிட வேண்டும், படித்து முடித்த பிறகும் அசைவு தொடர வேண்டும். அதற்கு இடமில்லாதபோது எழுத்தை அவசரப்படுத்துவதைவிடக் காட்சியை அரை நொடி நீட்டுவதே மேல். மிகக் குட்டித் துண்டுக்கும் நெட்ஃபிளிக்ஸ் விதி கொடுக்கும் குறைந்தபட்ச நேரம் ஒரு நொடியில் ஆறில் ஐந்து பங்கு. அதிகபட்சம் ஒரு துண்டுக்கு 7 நொடி.

இப்போது பரவலாகிவிட்ட, ஒவ்வொரு சொல்லாகத் துள்ளி வரும் சப்டைட்டில் இந்தக் குறைந்தபட்சத்தைக் கண்டுகொள்வதே இல்லை. படிக்கும்போது கண் ஒவ்வொரு இடத்திலும் சுமார் கால் நொடி நின்று, அடுத்து என்ன வருகிறது என்று ஓரப்பார்வையில் பார்த்துவிட்டுத் தாவும். புரியாவிட்டால் திரும்பிப் போகும். ஒரு சொல் மட்டும் காட்டினால் முன்னால் பார்க்கவும் ஒன்றுமில்லை, பின்னால் போகவும் வழியில்லை. சத்தத்தோடு ரசிக்கும் நகைச்சுவைத் துணுக்குக்கு அது அலங்காரமாக இருக்கலாம். தகவல் சொல்லும் வீடியோவுக்கு அது சரிப்படாது.

சுருக்குவதிலும் ஒரு நியாயமான ஆட்சேபம் இருக்கிறது. காது கேளாதவர்களில் பலர், மற்றவர்கள் கேட்கும் ஒவ்வொரு சொல்லும் தங்களுக்கும் எழுத்தில் வேண்டும் என்று கேட்கிறார்கள். எதை விடலாம் என்று வேறொருவர் முடிவு செய்வது அவர்களுக்கு ஏற்புடையதல்ல. நேர்காணல், அரசியல் பேச்சு போன்றவற்றில் அவர்கள் பக்கமே நியாயம்; அங்கே சொல்லை வெட்டினால் பொருளும் திரியும். தானே எழுதித் தானே பேசும் வீடியோவிலோ சண்டைக்கே இடமில்லை. படமெடுப்பதற்கு முன்பே வசனத்தைப் படிக்கும் வேகத்துக்கு எழுதிவிட்டால், பேச்சும் எழுத்தும் ஒன்றாகவே இருக்கும்.

சரியாக வந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க எடிட்டரின் கண் உதவாது. அவருக்கு வசனம் மனப்பாடம். எந்த வேகமும் அவருக்குப் போதும். பதிவேற்றுவதற்கு முன், அந்தப் பேச்சைக் கேட்டே இராத ஒருவரிடம் ஒலியை அணைத்த செல்போனைக் கொடுங்கள். ஒரே முறை பார்க்கச் சொல்லிவிட்டு, எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். இரண்டில் ஒன்றை அவர் தவறாகச் சொன்னால், வரியை மாற்றிய பிறகே வெளியிடுங்கள்.